லிங்க் இருக்கு, வீடியோ எங்கே? – கூட்டப் பதிவுகளின் ஆயுள் பற்றி



முதல்ல ஒரு சின்ன கேள்வி. உங்க போன்ல பழைய வாட்ஸ்அப் மெசேஜ்ல ஏதாவது ஒரு மீட்டிங் ரெக்கார்டிங் லிங்க் இருக்கா? குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம், பிள்ளையோட ஸ்கூல் பெற்றோர் கூட்டம், வேலைக்கான பயிற்சி வகுப்பு, எதுவா இருந்தாலும் சரி. இப்போ அதைத் தொட்டுப் பாருங்க. சிலருக்குத் திறக்கும். சிலருக்கு, 'இந்தக் கோப்பு கிடைக்கவில்லை' என்று வரும்.

லிங்க் அப்படியே இருக்கும்போது வீடியோ மட்டும் எப்படிக் காணாமல் போகுது என்பதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். பலரும் ரெக்கார்டிங் பட்டனை அழுத்திட்டா அந்தக் கூட்டம் நிரந்தரமாகப் பத்திரமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பதிவு யாரோ ஒருவருடைய கணக்கில், ஏதோ ஒரு திட்டத்தின் அளவுக்கும் நாளுக்கும் உட்பட்டு இருக்கிறது. லிங்க் என்பது வீட்டு முகவரி மாதிரி. முகவரி எழுதின காகிதம் நம்ம கையில் இருக்கும். ஆனால் வீட்டை இடித்துவிட்டால் அந்தக் காகிதத்தை வைத்து என்ன பண்றது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இதைப் புரிய வைக்க ஒரு கற்பனையான உதாரணம் எடுத்துக்கிறேன். 48 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் பழசாகிவிட்டது. புதிதாகப் போட 14 லட்சம் ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு. 2026 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, ஆன்லைனில் பொதுக்குழு கூடுகிறது. கூட்டம் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் நடக்கிறது. இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு முடிவாகிறது: லிஃப்ட் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு வீடும் தன் பங்கை மூன்று தவணையில் கட்டினால் போதும். இந்த 'மூன்று தவணை' என்பது கூட்டத்தின் கடைசி பத்து நிமிடத்தில் வாய்மொழியாகச் சொன்னது. நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரியை எழுத மறந்துவிட்டார்கள்.

ஜூன் 20-ம் தேதி ஒரு நோட்டீஸ் வருகிறது: 'மாதக் கடைசிக்குள் முழுத் தொகையும் ஒரே தடவையில் கட்டவும்.' ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெரியவருக்கு ஒரே தடவையில் ஏறக்குறைய 29 ஆயிரம் ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. 'மூணு தவணைன்னு சொன்னீங்களே, ரெக்கார்டிங் இருக்கே' என்று அவர் லிங்க்கைத் திறக்கிறார். கோப்பு இல்லை.

யாரும் அதை வேண்டுமென்று அழிக்கவில்லை. நடந்தது என்னன்னு பார்ப்போம்.

டீம்ஸ் கூட்டத்தின் பதிவு, கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் அல்லது பதிவைத் தொடங்கியவருடைய ஒன்டிரைவ் கணக்கில் `Recordings` என்ற கோப்புறைக்குள் போய் உட்காருகிறது. ஒரு மணி நேரப் பதிவுக்கு சுமார் 400 எம்பி என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்கு. அப்படியென்றால் நம்ம இரண்டு மணி நேரக் கூட்டம் சுமார் 800 எம்பி. நிறுவனத் திட்டங்களில் பொதுவாக ஒருவருக்கு 1 டிபி இடம் இருக்கும். ஆக, இடம் இங்கே பிரச்சினையே இல்லை. பிரச்சினை நாள்.

நிர்வாகி எதையும் மாற்றாத வரை, டீம்ஸ் பதிவுக்கு இயல்பான ஆயுள் 120 நாள். ஜனவரி 11-லிருந்து 120 நாள் எண்ணினால் மே 11. அன்றைக்கு அந்த வீடியோ தானாகவே கழிவுப்பெட்டிக்குப் போய்விடும். இதில் பலரும் தப்பாக நினைக்கிற ஒரு விஷயம் இருக்கு: 'அடிக்கடி பார்த்துக்கிட்டே இருந்தா அழியாது' என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒரே வீடியோவை நூறு தடவை ஓட்டிப் பார்த்தாலும் அந்தத் தேதி ஒரு நாள் கூடத் தள்ளிப்போகாது.

சரி, மே 11-ல் போனது ஜூன் 20-ல் கிடைக்குமா? கிடைக்கும். கழிவுப்பெட்டியில் அது 90 நாள் இருக்கும். மே 11-லிருந்து 90 நாள் என்றால் ஆகஸ்ட் 9. அதற்குள் அந்தக் கணக்கின் உரிமையாளர், நம்ம கதையில் சங்கச் செயலாளர், ஒன்டிரைவில் `Recycle bin` திறந்து மீட்டெடுத்துவிடலாம். இப்படி மீட்ட கோப்பில் பழைய காலாவதித் தேதி நீங்கிவிடும். அதனால் அது மறுபடி தானாக அழியாது. நம்ம பெரியவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: லிங்க் திறக்கவில்லை என்று விட்டுவிடாமல், உடனே செயலாளரிடம் எழுத்துமூலமாக, 'ஆகஸ்ட் 9-க்குள் கழிவுப்பெட்டியிலிருந்து எடுத்துத் தாருங்கள்' என்று கேட்பது. லிங்க் வைத்திருப்பவரால் அதை மீட்க முடியாது. கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவரால்தான் முடியும்.

முன்கூட்டியே செய்யக்கூடியது

இந்த ஓட்டமே இல்லாமல் இருக்க, கூட்டம் முடிந்த வாரத்திலேயே இரண்டு நிமிட வேலை. செயலாளர் கணினியில் பிரவுசர் வழியாக ஒன்டிரைவுக்குள் போய், `Recordings` கோப்புறையில் அந்த வீடியோவைத் தேர்ந்தெடுத்து, அதன் விவரப் பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே காலாவதித் தேதி தெரியும். அதை 14 நாள், 30 நாள், 60 நாள் என்று நீட்டலாம். குறிப்பிட்ட ஒரு தேதியைக் கொடுக்கலாம். அல்லது `No expiration` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். காலாவதிக்கு 14 நாள் முன்பிருந்து அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் ஒன்று தெரியும். ஆனால் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்? காலாவதியான பிறகு உரிமையாளருக்கு மின்னஞ்சலும் வரும். நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட மெயிலைத் திறந்து படிக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. நீளமான கூட்டமாக இருந்தால், டீம்ஸில் ஒரு பதிவு அதிகபட்சம் 4 மணி நேரம் அல்லது 1.5 ஜிபி வரைதான் போகும். அந்த எல்லையைத் தொட்டதும் அது முடிந்து, புதிய பதிவு தானாகத் தொடங்கும். ஆக, நாள் முழுக்க நடந்த பயிற்சியென்றால் ஒரு கோப்பு மட்டும் கையில் இருந்தால் போதாது. இரண்டாவது துண்டையும் தேடி எடுங்க.

கணக்கு யாருடையது?

இப்போ அதே கதையில் ஒரு சின்ன மாற்றம். செயலாளர் சங்கத்துக்கென்று தனிக்கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தான் வேலை செய்யும் கம்பெனி கொடுத்த கணக்கிலேயே அந்தக் கூட்டத்தை நடத்திவிட்டார். மார்ச் மாதம் வேலையை விட்டுவிட்டார். மார்ச் 31-ல் கம்பெனி அவருடைய கணக்கை நீக்கிவிட்டது.

ஒரு பயனாளர் கணக்கை நீக்கிய பிறகு, அவருடைய ஒன்டிரைவ் இயல்பாக 30 நாள்தான் வைக்கப்படும். கம்பெனி நிர்வாகி அதைக் கூட்டி வைத்திருக்கலாம். இல்லையென்றால் ஏப்ரல் 30-ஓடு அவருடைய கோப்புகளின் காலம் முடிந்தது. 120 நாள் கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. மே 11 வரை இருக்க வேண்டிய பதிவு ஏப்ரல் கடைசியிலேயே போச்சு. ஜூனில் செயலாளரிடம் கேட்டால் அவருக்கே உள்ளே போக வழியில்லை. பழைய கம்பெனியிடம் போய், 'எங்க அபார்ட்மென்ட் மீட்டிங் வீடியோ கொடுங்க' என்று கேட்க முடியுமா?

அதனால்தான் சொல்றேன், பொதுவான கூட்டத்தைத் தனியார் வேலைக் கணக்கில் நடத்தாதீர்கள். சங்கத்துக்கென்று ஒரு கணக்கு, அதன் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தை ஒப்படைக்கிற மாதிரி இதையும் ஒப்படைக்க வேண்டும்.

ஜூமில் வேறு கதை

'நாங்க ஜூம்தான் யூஸ் பண்றோம்' என்பீர்கள். அங்கே கணக்கு வேறு மாதிரி.

ஜூமின் இலவசத் திட்டத்தில் கிளவுடில் பதிவு செய்யும் வசதியே கிடையாது. கணினியில் மட்டும் பதிவு செய்து, அந்தக் கணினியிலேயே சேமிக்கலாம். போனிலிருந்து கூட்டம் நடத்துபவருக்கு அந்த வழியும் இல்லை. எனவே, 'ஜூமில் பேசினோம், எங்கேயாவது பதிவாகியிருக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கூட்டத்தை நடத்தியவர் என்ன திட்டத்தில் இருந்தார், எந்தச் சாதனத்திலிருந்து நடத்தினார் என்று கேளுங்க.

கட்டணத் திட்டத்தில் கிளவுட் பதிவு உண்டு. ஆனால் திட்டத்துக்கேற்ப இத்தனை ஜிபி என்று ஓர் எல்லை இருக்கும். டீம்ஸில் பிரச்சினை நாள் என்றேன். ஜூமில் பெரும்பாலும் பிரச்சினை இடம். எல்லை நிறைந்துவிட்டால், கூடுதல் இடத்துக்குப் பணம் கட்டாத கணக்கில் புதிய கிளவுட் பதிவைத் தொடங்க முடியாது. மாதக் கூட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போன ஒரு சங்கத்துக்கு, முக்கியமான கூட்டத்தன்று ரெக்கார்ட் பட்டனை அழுத்தும்போதுதான் இது தெரியவரும். கூட்டத்துக்கு முந்தைய நாளே ஜூம் வலைத்தளத்தில் உள்நுழைந்து பதிவுகள் பக்கத்தில் எவ்வளவு இடம் செலவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அப்போ என்ன செய்வாங்க? இடம் பண்ண பழையதை அழிப்பாங்க. ஜூமில் அழித்த பதிவு 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். அதற்கப்புறம் போனது போனதுதான். இத்தனை நாளான பதிவுகளைத் தானாக அழிக்கும்படி நிர்வாகி ஓர் அமைப்பைப் போட்டு வைக்கவும் முடியும். சங்கத்தில் யாராவது எப்போதோ அதை இயக்கிவிட்டு மறந்திருக்கலாம். ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சந்தாவை நிறுத்தப்போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன்பே எல்லாப் பதிவையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கிளவுட் பதிவு என்பது கட்டணத் திட்டத்தோடு வருகிற வசதி என்பதை மறக்க வேண்டாம்.

கூகுள் மீட் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அங்கே பதிவு, கூட்டத்தை ஏற்பாடு செய்தவருடைய கூகுள் டிரைவில் `Meet Recordings` என்ற கோப்புறையில் சேரும். சாதாரண இலவச ஜிமெயில் கணக்கில் பதிவு வசதி இல்லை. கட்டணக் கணக்கில் சேர்ந்த பதிவு, அவருடைய டிரைவ் இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கும். 'டிரைவ் ஃபுல்' என்று வரும்போது பலரும் முதலில் பெரிய கோப்பைத் தேடி அழிப்பார்கள். அந்தப் பெரிய கோப்பு பெரும்பாலும் உங்க கூட்டத்தின் வீடியோதான்.

எழுத்துப் பிரதி எவ்வளவு கைகொடுக்கும்?

'வீடியோ போனா என்ன, டிரான்ஸ்கிரிப்ட் இருக்கே' என்று கேட்பவர்களும் உண்டு. பேசியதை எழுத்தாக்கித் தரும் அந்தப் பிரதியைத்தான் சொல்கிறார்கள். அது நல்ல வசதி. இரண்டு மணி நேர வீடியோவில் 'தவணை' என்ற சொல் எங்கே வந்தது என்று நொடியில் தேடலாம். யார் பேசினார், எத்தனையாவது நிமிடம் என்பதும் இருக்கும். ஆனால் அதற்கு மூன்று எல்லைகள் உண்டு.

முதலாவது, அது இயக்கி வைத்தால்தான் உருவாகும். ஜூமில் எழுத்துப் பிரதி எடுக்கும் அமைப்பைக் கூட்டத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அதனால் கூட்டத்தன்று காலையிலேயே சரிபாருங்க.

இரண்டாவது, மொழி. இந்த வசதி தேர்ந்தெடுத்த மொழியில்தான் காது கொடுக்கும். ஆங்கிலம் என்று அமைத்துவிட்டுத் தமிழில் பேசினால், தமிழ் ஓசைக்கு அருகில் இருக்கிற ஆங்கிலச் சொற்களை அடுக்கித் தந்துவிடும். 'மூணு தவணை' என்று பேசியது சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் ஆங்கிலத் தொடராக நிற்கும். கூட்டத்துக்கு முன் பேச்சு மொழிப் பட்டியலைத் திறந்து, தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடம் இரண்டு பேர் பேசிப் பாருங்கள். நம்ம பேச்சில் ஆங்கிலமும் கலந்திருக்கும் என்பதால் அப்போதும் பிழை வரும். எண்ணும் பெயரும்தான் அதிகம் தவறும். பணம் பற்றிய பிரச்சினையில் இவைதான் முக்கியம் இல்லையா?

மூன்றாவது, அதன் ஆயுள். டீம்ஸில் பதிவும் எழுத்துப் பிரதியும் ஒரே காலாவதி அமைப்பின் கீழ் வருகின்றன. வீடியோ போனாலும் எழுத்து தனியாகக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் இதைப் பதிவிறக்குவது மிகவும் எளிது: டீம்ஸில் `.docx` அல்லது `.vtt` கோப்பாக எடுக்கலாம். அளவு மிகச் சிறியது, போனிலேயே வைத்துக்கொள்ளலாம். ஜூமிலும் `.vtt` கோப்பாகக் கிடைக்கும். அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து படிக்கலாம்.

ஆக, எழுத்துப் பிரதியைத் தேடு கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் என்று காட்ட வேண்டுமென்றால் அதோடு அந்த நிமிடத்தின் ஒலி வேண்டும்.

கேட்டவர்களின் கேள்விகள்

பேச்சு முடிந்ததும் ஓர் அம்மா கேட்டார்: 'தம்பி, 800 எம்பி-யை நான் எப்படி போன்ல வாங்கி வைப்பேன்?' நல்ல கேள்விதான். கூட்டத்தை நடத்தியவர் வைஃபையில் பதிவிறக்கி, வாட்ஸ்அப் குழுவில் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பலாம்; 2 ஜிபி வரை ஏற்கும். வீடியோவாக அனுப்பினால் அது அளவைக் குறைத்து, தெளிவைக் கெடுத்துவிடும். போனில் இடம் இல்லையென்றால் பென்டிரைவில் வாங்கி வைக்கலாம். ஜூமில் ஒலி மட்டும் உள்ள `.m4a` கோப்பும் தனியாகக் கிடைக்கும். பேச்சுதான் முக்கியம் என்றால் அது போதும், அளவும் மிகக் குறைவு.

இன்னொரு ஐயா கேட்டார்: 'வெளி ஆளா நான் கலந்துக்கிட்டேன், எனக்கு லிங்க் திறக்கலையே, அழிஞ்சுபோச்சா?' அவசியம் அப்படி இல்லை. நிறுவனக் கணக்கில் நடந்த கூட்டத்தில் வெளியிலிருந்து கலந்துகொண்டவருக்குத் தனியாகப் பகிர்ந்தால்தான் திறக்கும். திரையில் வரும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் கோப்பு இருக்கிறது, பகிரச் சொல்லுங்கள். கோப்பே இல்லை அல்லது காலாவதி என்று வந்தால் நாள் எண்ண ஆரம்பியுங்கள்: 90 நாளோ 30 நாளோ, கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, அந்தச் சங்கச் செயலாளர் ஜனவரி 11 மாலையே செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். வீடியோவைப் பதிவிறக்கி, '2026-01-11 பொதுக்குழு லிஃப்ட்' என்று பெயர் வைத்து, சங்கக் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என இரண்டு இடத்தில் வைப்பது. நடவடிக்கைக் குறிப்பில் 'மூன்று தவணை, 1 மணி 51-வது நிமிடம்' என்று ஒரு வரி எழுதி, தலைவர் கையெழுத்து வாங்குவது. அந்த ஒரு வரி இருந்திருந்தால், ஜூனில் அந்தப் பெரியவர் லிங்க்கைத் தேடி அலைய வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், உங்க குழுவில் இருக்கிற பழைய ரெக்கார்டிங் லிங்க் ஒன்றைத் திறந்து பாருங்க. திறந்தால், முதல் வேலையா அதைப் பதிவிறக்கி வைக்கச் சொல்லுங்க.